பீரோவில் இருப்பதும் கட்டிக்கொள்ளத் தயாராக இருப்பதும்

புடவை கட்டி வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காலையில் நேரம் போவது புடவையைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. அதற்குரிய ஜாக்கெட்டைத் தேடுவதில்தான் போகிறது. புடவை பீரோவின் நடுத்தட்டில் கண்ணெதிரே இருக்கும். ஜாக்கெட் துணி மடிக்காத கூடையிலோ, இஸ்திரிக்காரரிடமோ, வேறொரு புடவையின் மடிப்புக்குள்ளோ இருக்கும். கிடைத்துவிட்டாலும் போட்டுப் பார்க்கும்போது கை பிடிக்கும், அல்லது கொக்கி ஒன்று அறுந்திருக்கும். அதற்குள் பஸ் நேரம் வந்துவிடும். கடைசியில் வாரம் தவறாமல் கட்டுகிற அதே நாலைந்து புடவைகளில் ஒன்று வெளியே வரும்.

இதற்கு விடையாக, இருக்கிற உடைகளையெல்லாம் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே மறுநாள் உடையை முடிவு செய்யும் பழக்கம் பரவி வருகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் புடவைகளையும் வரிசையாகப் படமெடுத்தவர்களில் பலர், அடுத்த மாதமே அந்தப் படங்களைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் எடுத்தது புடவையின் படம். காலையில் தேவைப்படுவது புடவை, ஜாக்கெட், உள்பாவாடை மூன்றும் சேர்ந்த ஒரு 'செட்'டின் படம். அந்த செட் இன்று கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறதா என்ற தகவலும் கூடவே வேண்டும். என் அண்ணி தன் பீரோவுக்கு இப்படி ஒரு படப் பட்டியல் தயாரித்தபோது கூடவே இருந்து பார்த்ததால், அதை வைத்தே சொல்கிறேன்.

அண்ணி தஞ்சாவூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. தினமும் புடவைதான். பட்டு, பருத்தி, சில்க் காட்டன், சின்தெடிக் எல்லாம் சேர்த்து 68 புடவைகள் இருந்தன. "இவ்ளோ இருக்கு, ஆனா திங்கட்கிழமை கட்ட ஒண்ணும் இல்லைன்னு தோணுது பாரு" என்றார். நான் புடவைகளைத் தொட வேண்டாம், முதலில் ஜாக்கெட்டுகளை எடுங்கள் அண்ணி என்றேன். படம் எடுப்பதற்கு முன்பு செய்தாக வேண்டிய ஒரே வேலை அதுதான் என்பது என் எண்ணம். கொஞ்சம் அலுப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

47 ஜாக்கெட்டுகள் கட்டிலில் குவிந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இப்போது சரியாக இருப்பவை 29. பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் சரியாகும் என்பவை 11. உள்ளே விடத் துணி இல்லாதவை, அக்குளில் நிறம் போனவை, துணி இற்றுப்போனவை 7. சரியாக இருந்த 29-இல் ஐந்து பொது ஜாக்கெட்டுகள்: கறுப்பு, தங்க நிறம், அரக்கு, சந்தனம், கரும்பச்சை. மற்ற 24-உம் தத்தம் புடவைக்கு மட்டுமே பொருந்துகிற ரன்னிங் பிளவுஸ்கள்.

இனிப் புடவைக் கணக்கு. சொந்த ஜாக்கெட் உள்ள புடவைகள் 24. ஐந்து பொது ஜாக்கெட்டுகளை நம்பிக் கட்டக்கூடியவை 17. ஆக, 68-இல் கட்ட முடிந்தவை 41தான். மீதி 27-இல் 11 புடவைகள் தையல் பிரிக்கக் காத்திருந்தன, 7 புடவைகளுக்கு ஜாக்கெட் உதவாது, 9 புடவைகளுக்கு ஜாக்கெட் தைக்கவே இல்லை. அந்த ஒன்பதில் இரண்டு, ஃபால்ஸ் வைக்காமல் கடைப் பையிலேயே இருந்தன. கட்ட ஒன்றும் இல்லை என்று அண்ணிக்குத் தோன்றியது வெறும் தோற்றமில்லை. ஐந்தில் இரண்டு பங்குப் புடவைகள் உண்மையிலேயே பூட்டிக் கிடந்தன.

எனவே அன்று படமெடுத்தது அந்த 41-ஐ மட்டும்தான். மற்றவற்றையும் சேர்த்து எடுத்திருந்தால் காலையில் பார்க்கிற ஐந்து படங்களில் இரண்டு ஏமாற்றியிருக்கும்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். எல்லாப் படங்களும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில், ஒரே பின்னணியில் இருந்தால்தான் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது கண் ஒப்பிட்டுப் பார்க்கும். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டோம். புடவையை ஒன்றரை அடி அகலத்துக்கு மடித்து, மேல் மடிப்பில் முந்தி இடப்பக்கமும் உடல் நடுவிலும் தெரியும்படி திருப்பி, பார்டர் கீழ்விளிம்பில் ஓடுமாறு வைத்தோம். வலது மூலையில் ஜாக்கெட், கைப்பகுதி மேலே தெரியும்படி மடித்தது. அதற்கு அடியில் உள்பாவாடையின் நாடாப் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு எட்டிப் பார்க்கும். போனைத் தலைக்கு மேலிருந்து, கட்டிலுக்கு நேர் இணையாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பார்டர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் சாய்வு உடனே தெரிந்துவிடும்.

நிறம்தான் உண்மையான தலைவலி. குழல் விளக்கின் கீழ் எடுத்தால் ஒரு நிறம், மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் இன்னொரு நிறம். போன் கேமரா, தான் பார்க்கிற காட்சியில் வெள்ளை எது என்று தானே ஊகித்து மற்ற நிறங்களைத் திருத்திக்கொள்கிறது. திரை முழுக்கக் கிளிப்பச்சைப் புடவை ஒன்றே நிறைந்திருந்தால், அந்தப் பச்சையை வெளிச்சத்தின் குறையென்று எண்ணி மங்கச் செய்துவிடவும் கூடும். வேட்டியின் வெள்ளை நாலு பக்கமும் தெரிகிற மாதிரி எடுப்பது இதற்காகத்தான். அந்த வெள்ளை இருந்தால் ஊகம் பெரும்பாலும் தப்பாது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நேர் வெயில் விழாத ஜன்னல் வெளிச்சம் போதும். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் புடவையின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறுபாதி மஞ்சள் பாய்ந்தும் வரும்.

வெளிச்ச அளவிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைப் பின்னணியில் கருநீலப் புடவையை வைத்தால், கேமரா வெள்ளைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கருநீலம் கறுப்பாக விழும். திரையில் புடவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கேமரா அந்த இடத்துக்கு ஏற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே வருகிற சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி மிச்சத்தைச் சரி செய்யலாம். சிவப்பு, ராணி பிங்க் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இதற்கு நேர்மாறாக வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு பொங்கி, நெசவும் புட்டாவும் கரைந்து ஒரே பரப்பாகத் தெரியும். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நூல் தெரிகிறதா, இல்லை வெறும் சாயம் பூசியது மாதிரி இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். நூல் தெரியவில்லையென்றால் மறுபடி எடுத்தாக வேண்டும்.

மயில்கழுத்து நிறப் பட்டுக்கு எந்தத் தந்திரமும் முழுமையாக உதவாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்வதால்தான் அதற்கு அந்த மினுக்கம். பார்க்கிற கோணம் மாறினால் நிறமும் மாறும். அண்ணியின் மயில்கழுத்துப் பட்டு நேர்மேலிருந்து எடுத்த படத்தில் தட்டையான நீலமாக விழுந்தது. ஒரு மடிப்பைத் தூக்கிக் குவித்து வைத்து எடுத்தபோதுதான் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தன. அதற்கு மட்டும் இரண்டு படங்கள் வைத்துக்கொண்டோம்.

பொது ஜாக்கெட்டுகளுக்கு இன்னொரு யோசனை தேவைப்பட்டது. சந்தன நிற ஜாக்கெட் ஆறு புடவைகளுக்குப் பொருந்துகிறது. அதைத் தனியாகப் படமெடுத்து வைத்தால், எந்தப் புடவைக்குப் போடலாம் என்று காலையில் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். ஆறு புடவைகளோடும் சேர்த்து வைத்து ஆறு தடவை எடுத்துவிட்டோம். ஒரே புடவைக்கு அரக்கும் பொருந்துகிறது, தங்க நிறமும் பொருந்துகிறது என்றால் அதற்கு இரண்டு படம். இப்படி 41 புடவைகளுக்கு ஐம்பது சொச்சம் படங்கள் வந்தன. ஒரு படம் மூன்று எம்பி என்று வைத்தாலும் மொத்தம் 150 எம்பிதான், போனுக்கு இது ஒரு சுமையே இல்லை. பொருத்தம் பார்க்கிற வேலை மொத்தமும் நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாத நேரத்தில் முடிந்துவிட்டது. இந்தப் பட்டியலின் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

பிறகு, படங்களை எங்கே வைப்பது? வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கே படம் சுருங்கிவிடும், நாளாக நாளாக மேலே போய் மறைந்தும்விடும். கேலரியில் அப்படியே விட்டால் பள்ளிக் குழுவில் வருகிற காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தொலையும். கூகுள் போட்டோஸ் மாதிரி ஏதாவது ஒன்றில் ஆல்பமாகப் பிரித்து வைப்பது எளிது. அதில் ஒரே படத்தை எத்தனை ஆல்பத்தில் வைத்தாலும் இடம் கூடுதலாகப் பிடிக்காது. ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டாலும் படம் அழியாது. இந்த இரண்டு குணங்களும்தான் நமக்கு வேண்டியவை.

அண்ணி நாலு ஆல்பங்கள் வைத்திருக்கிறார். 'தயார்', 'சலவை', 'தையல்', 'விசேஷம்'. பள்ளிக்குக் கட்டிப் போன புடவை அன்று மாலையே 'தயார்' ஆல்பத்திலிருந்து 'சலவை'க்குப் போகும். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி ஆகி பீரோவுக்குள் போகும்போது திரும்ப 'தயாரு'க்கு வரும். பட்டு எல்லாம் 'விசேஷ'த்தில். ஒவ்வொரு படத்துக்கும் கீழே விளக்கம் எழுதும் இடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பருத்தி, மஞ்சள், பச்சை பார்டர், ஜா: சந்தனம், தட்டு 2". விளக்கத்தில் எழுதியது தேடலில் வரும் என்பதால், "சந்தனம்" என்று தேடினால் அந்த ஜாக்கெட்டை நம்பியிருக்கிற ஆறு புடவைகளும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த ஜாக்கெட் சலவையில் இருக்கிற நாளில் எந்தெந்தப் புடவைகள் கூடவே முடங்குகின்றன என்பதும் தெரிந்துவிடும். சந்தன நிறத்தில் இன்னொரு ஜாக்கெட் தைத்துக்கொண்டால் நல்லது என்று அண்ணி முடிவு செய்தது இப்படிப் பார்த்துத்தான்.

தட்டு எண்ணை அலட்சியமாக நினைக்க வேண்டாம். படத்தில் புடவையைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, ஆனால் அது எந்த அடுக்கில் என்று தெரியாமல் ஒவ்வொரு அடுக்காக இழுத்தால் மற்ற மடிப்புகள் கலையும், மிச்சமான நேரமும் அதிலேயே போய்விடும். பீரோவின் நாலு தட்டுகளுக்கும் எண் ஒட்டினோம். சொந்த ஜாக்கெட்டும் உள்பாவாடையும் புடவை மடிப்புக்குள்ளேயே இருக்கும். பொது ஜாக்கெட்டுகள் ஐந்தும் ஹேங்கரில் தொங்கும், எந்தக் காரணத்துக்காகவும் புடவைக்குள் மடிக்கப்படாது. ஜாக்கெட் காணாமல் போவதற்கு முக்கியக் காரணமே, பொது ஜாக்கெட்டைக் கடைசியாகக் கட்டிய புடவைக்குள் வைத்து மடித்துவிடுவதுதான்.

இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன, அவற்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஐபோன் வைத்திருப்பவர்களிடையே ஸ்டைல்புக் நன்றாகத் தெரிந்த பெயர். இந்த எண்ணத்துக்கே ஒரு பழைய சினிமா முகம் உண்டு. 1995-இல் வந்த 'க்ளூலெஸ்' என்ற ஹாலிவுட் படத்தில், பள்ளி மாணவியான நாயகி தன் மேல்சட்டையையும் பாவாடையையும் கம்ப்யூட்டர் திரையில் பொருத்திப் பார்த்து உடையைத் தீர்மானிப்பாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற அந்த அமைப்பைத்தான் இன்றும் பல செயலிகள் பின்பற்றுகின்றன. சட்டை, பேண்ட், குர்தி, லெக்கிங்ஸ் அணிகிறவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். பத்துக் குர்திகளும் நாலு லெக்கிங்ஸும் இருந்தால் செயலி அவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் காட்டும். புடவை அந்தக் கட்டத்துக்குள் உட்காருவதில்லை. பின்னணியைத் தானே வெட்டி நீக்குகிற வசதியும் வெள்ளைப் புடவையில் தடுமாறுகிறது, முந்தியின் குஞ்சங்களைப் பாதியில் கடித்துவிடுகிறது. இன்னொரு சங்கடம், செயலி நின்றுபோனால் அதற்குள் மட்டும் இருந்த படங்களும் குறிப்புகளும் கூடவே போகும். செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அசல் படங்களைத் தங்கள் கேலரியில் தனியாக வைத்திருப்பது அவசியம்.

காலை வேளை எப்படி மாறியது என்று அண்ணியிடம் கேட்டேன். "காலையில நான் போனையே தொடுறதில்லை" என்றார். ஞாயிறு சாயங்காலம் 'தயார்' ஆல்பத்தைப் பார்த்து ஐந்து படங்களுக்கு நட்சத்திரக் குறி போடுகிறார். அப்போதே அந்த ஐந்தையும் எடுத்து, ஜாக்கெட்டின் கொக்கியைப் பார்த்து, மேல்தட்டில் வரிசையாக அடுக்கிவிடுகிறார். காலையில் மேலே இருப்பதை எடுக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் மட்டும் வரிசை மாறும். கஞ்சி போட்ட பருத்தி ஒரு தூறலில் துவண்டுவிடும் என்பதால், சின்தெடிக் புடவை ஒன்றை ஆறாவதாக எடுத்து வைத்திருப்பார்.

பட்டியல் கெட்டுப்போவது எப்போதும் ஒரே வழியில்தான். கட்டிய புடவையை 'சலவை'க்கு மாற்ற மறந்துவிடுவோம். ஒரு வாரம் மறந்தால் 'தயாரி'ல் இருக்கிற ஐந்து படங்கள் பொய்யாகும். ஆசையோடு தேர்ந்தெடுத்த புடவை பீரோவில் இல்லை என்று இரண்டு தடவை ஆனால் போதும், அதன் மேல் நம்பிக்கை போய்விடும், பிறகு யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'தயார்' ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று படங்களைத் தொடுங்கள். மூன்று செட்டுகளும் இரண்டு நிமிடத்துக்குள் முழுதாகக் கைக்கு வர வேண்டும். ஒன்று வரவில்லையென்றால் பீரோவைத் திறந்து, தட்டு தட்டாக ஆல்பத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் நேரம் வந்துவிட்டது. உடம்பு மாறுவதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜாக்கெட்டுகளை மறுபடி போட்டுப் பார்க்காவிட்டால், படம் சரியாக இருக்கும், ஜாக்கெட் சரியாக இருக்காது.

மாற்றி வைக்கிற வேலை சிரமமாக இருப்பவர்களுக்கு அண்ணியின் யோசனை ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மாலையில் புடவையை அவிழ்ப்பதற்கு முன்பே, கண்ணாடி முன் நின்று கழுத்திலிருந்து பாதம்வரை ஒரு படம் எடுத்துவிடுகிறார். போன் கையில் இருக்கும்போதே ஆல்பத்தையும் மாற்றிவிடுகிறார். அந்தப் படத்தில் மடித்த புடவை காட்டாத சங்கதிகள் தெரிகின்றன. முந்தி எவ்வளவு நீளம் விழுகிறது, உள்பாவாடை நிறம் வெளியே தெரிகிறதா, நாள் முழுக்க நின்று பாடம் நடத்திய பிறகு கொசுவம் எப்படி இருக்கிறது. ஒரு மெல்லிய மஞ்சள் புடவைக்குள் வெள்ளைப் பாவாடை துலக்கமாகத் தெரிந்ததை அப்படித்தான் கவனித்தார். அந்த செட்டில் இப்போது மஞ்சள் பாவாடை.

படத்தில் தேதியும் தானாகப் பதிந்திருப்பதால், எதை எப்போது கட்டினோம் என்பதும் தெரிகிறது. பட்டுக்கு இது மிகவும் உதவும். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால், மடிப்பு விழுந்த கோட்டில் ஜரிகையும் பட்டும் முறிந்து கிழியத் தொடங்கும். 'விசேஷம்' ஆல்பத்தில் நாலைந்து மாதமாகக் கட்டாத பட்டு எது என்று பார்த்து, அதை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்கலாம்.

'தையல்' ஆல்பத்தில் இருந்த 11 ஜாக்கெட்டுகளையும் ஒரே பையில் போட்டு டெய்லரிடம் கொடுத்தார் அண்ணி. அவை திரும்பி வந்தபோது 'தயார்' கணக்கு 52 புடவைகளானது. ஜாக்கெட்டே இல்லாத ஒன்பது புடவைகளில், துணி தனியாக வாங்க வேண்டியவை நாலு. படம்தான் போனில் இருக்கிறதே என்று வெறுங்கையோடு துணிக்கடைக்குக் கிளம்பினார். நான் தடுத்துவிட்டேன். எத்தனை கவனமாக எடுத்தாலும் போன் படம் நிறத்துக்குச் சாட்சியாகாது. இந்த நாலில் எதை முதலில் தைப்பது என்று முடிவு செய்ய அது போதும், துணியின் நிறத்தைப் பொருத்த அது போதாது. மேலும், கடை விளக்கின் கீழ் அச்சாகப் பொருந்துகிற இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிவது உண்டு. சாயங்கள் வேறாக இருந்தால், விளக்கு மாறும்போது அவை நிறம் காட்டும் விதமும் மாறும். எனவே நாலு புடவைகளையும் பையில் எடுத்துப் போனோம். அண்ணி ஒவ்வொரு துணியையும் புடவை மேல் வைத்து, கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பார்த்த பிறகே வெட்டச் சொன்னார். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு வாடாமல்லித் துணிகளில் ஒன்று வாசலில் நீலம் பாய்ந்து நின்றது. மற்றதை 80 சென்டிமீட்டர் வெட்டி வாங்கினோம்.